வட்டியைத் தலைக்குச் சமமாகப் பிரிக்க வேண்டாம்: ஊராட்சிக் கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கும், எல்லாச் சுய உதவிக் குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

மார்ச் 31-க்குக் கணக்கு முடித்து, குழுச் சேமிப்பில் இருந்து உறுப்பினர்களுக்குக் கொடுத்த உள்கடனில் வந்த வட்டியைப் பிரிக்கும் நேரம் நெருங்குகிறது. நம் மன்னார்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த பல குழுக்களில் லாபத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறார்கள். கூட்டமைப்பு தரும் ஆண்டுக் கணக்குத் தாளிலும் அதற்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. எல்லோரும் ஒரே மாதம் சேர்ந்து, ஒரே தொகையைத் தவறாமல் கட்டியிருந்தால் அதில் தப்பில்லை. நடுவில் ஒருவர் சேர்ந்தாலே அது அநியாயமாகிவிடும்.

பன்னிரண்டு பேர் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். சேமிப்பு மாதம் 400 ரூபாய். பத்துப் பேர் ஏப்ரலில் இருந்து கட்டுகிறார்கள், இரண்டு பேர் அக்டோபரில் சேர்ந்தார்கள். வந்த வட்டி 5,612 ரூபாய், அபராதம் 60 ரூபாய். நோட்டு, பஸ், வங்கிச் செலவு 740 போக லாபம் 4,932 ரூபாய். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 411.

சரி, கட்டிய மொத்தத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பழைய உறுப்பினர் கட்டியது 4,800, புதியவர் கட்டியது 2,400. அப்படிப் பிரித்தால் பழையவருக்குச் சுமார் 448, புதியவருக்கு 224 வரும். இதுவும் சரியாகாது. ஏப்ரலில் கட்டிய 400 ரூபாய் பன்னிரண்டு மாதம் கடனாகச் சுற்றி வட்டி கொண்டுவந்திருக்கிறது, மார்ச்சில் கட்டிய 400 ஒரே மாதம்தான் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பங்கு எப்படிக் கொடுப்பது?

இதற்கு மாத இருப்பைக் கூட்டினால் போதும். சேமிப்புப் பேரேட்டில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாதம்தோறும் இருப்பு எழுதுகிறோம்: 400, 800, 1,200 என்று மார்ச்சில் 4,800 வரை. அந்தப் பன்னிரண்டு எண்களையும் கூட்டினால் 31,200. அக்டோபரில் சேர்ந்தவருக்கு 400 முதல் 2,400 வரை ஆறு எண்கள், கூட்டினால் 8,400. குழு முழுவதற்கும் 3,28,800. லாபம் 4,932-ஐ இதில் பரப்பினால், நூறு ரூபாய் மாத இருப்புக்கு ஒன்றரை ரூபாய் வருகிறது. பழையவருக்கு 468, புதியவருக்கு 126. பத்து 468-ம் இரண்டு 126-ம் சேர்த்துப் பாருங்கள், 4,932 சரியாக நிற்கும். சமமாகப் பிரித்திருந்தால் பழையவர் ஒவ்வொருவரும் 57 ரூபாய் இழந்து, புதியவர் ஒவ்வொருவருக்கும் 285 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும்.

மூன்று மாதம் கட்டாமல் மார்ச்சில் மொத்தமாகக் கட்டியவரின் பங்கும் இந்த முறையில் தானாகவே குறையும். கோடையில் வயல் வேலை இல்லாமல் கட்ட முடியாதவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். அவர்களிடம் அபராதம் வாங்க வேண்டாம் என்று குழு தீர்மானம் போடட்டும், ஆனால் பங்குக் கணக்கை மாற்றக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகக் கவலை. பொங்கலுக்கு முன்னாலேயே லாபம் பிரிக்கும் குழுக்கள் இருக்கின்றன. சம்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் வாங்கிய கடன் தை, மாசி அறுவடைக்கு அப்புறம்தான் திரும்பும். அதற்கு முன் கணக்கு முடித்தால், வர வேண்டிய வட்டியையும் வந்ததாக எழுதும் ஆசை வருகிறது. மேலே சொன்ன குழுவில் 900 ரூபாய் வட்டி நிலுவை என்று வையுங்கள். அதையும் சேர்த்து 5,832 பிரித்தால், கூடுதலாகக் கொடுக்கும் 900 ரூபாய் உறுப்பினர்களின் சேமிப்பில் இருந்துதான் போகிறது. அறுவடை மழையில் வீணாகிவிட்டால் அந்த 900 திரும்பாது. ரொக்கப் புத்தகத்தில் வரவு விழுந்த வட்டியை மட்டும் லாபமாக எடுக்க வேண்டும். வங்கிக் கடனை வாங்கி உள்ளே கொடுத்திருந்தால், வங்கிக்குக் கட்டிய வட்டியையும் முதலில் கழிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. இதே குழுவில் கையிருப்பு 232, வங்கியில் 16,000, உறுப்பினர்களிடம் நிற்கும் கடன் அசல் 41,500, மொத்தம் 57,732. சேமிப்பு 52,800-ம் லாபம் 4,932-ம் சேர்ந்தாலும் அதேதான். நிலுவை வட்டியை லாபத்தில் எழுதியிருந்தால் இரண்டாவது தொகை 58,632 ஆகி, 900 இடிக்கும். இடித்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு ரூபாய்கூடப் பிரிக்காதீர்கள், ரொக்கப் புத்தகத்தை வரவு வரவாகத் திருப்பிப் பாருங்கள்.

கூட்டமைப்பிடம் என் கோரிக்கை இரண்டு. ஆண்டுக் கணக்குத் தாளில் மாத இருப்புக் கூட்டுத்தொகைக்கு ஒரு கட்டம் போட்டு, இந்த மார்ச் கூட்டத்துக்கு முன் எல்லாக் குழுக்களுக்கும் கொடுங்கள். அந்தக் கட்டத்தை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, அவரவர் பாஸ்புக்கோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழுக் கணக்கு எழுதும் ஓர் உறுப்பினர்