பிறர் பயன்படுத்திய எண்ணை எனக்கு ஒதுக்கியது தொடர்பான மேல்முறையீடு

அனுப்புநர்:
தங்கள் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்,
திருநெல்வேலி.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தமிழ்நாடு வட்டம்.

பொருள்: முந்தைய சந்தாதாரருக்குரிய குறுஞ்செய்திகள் எனக்கு வருவது, வாடிக்கையாளர் சேவை மையம் தீர்வின்றிப் புகாரை முடித்து வைத்தது.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் திருநெல்வேலி விற்பனை நிலையத்தில் ஆதார் சரிபார்ப்பு முடித்து வாங்கிய சிம் கார்டில், எண் செயல்பாட்டுக்கு வந்த அன்று மாலையிலிருந்தே வேறொருவருக்கு உரிய செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ரேஷன் கடையில் பொருள் வாங்கியதற்கான செய்தி, வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்ட தகவல், ஆதார் ஓடிபி என அனைத்தும் அவருடையவை. எண்ணை விற்றபோது, இது ஏற்கெனவே ஒருவரிடம் இருந்த எண் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் நிறுத்தி வைத்த பிறகு மற்றொருவருக்கு வழங்கலாம் என்பதை அறிவேன். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த இடைவெளி எண்ணைத்தான் விடுவிக்கிறதே தவிர, வங்கியிலும் எரிவாயு முகமையிலும் குடும்ப அட்டையிலும் பதிவாகியுள்ள அதே எண்ணைத் தானாக நீக்கிவிடுவதில்லை.

இதன் விளைவை ஒரு நிகழ்வால் விளக்குகிறேன். சமையல் எரிவாயு சிலிண்டரை ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டிய குறியீட்டு எண் எனக்கு வந்தது. சற்று நேரத்தில் சிலிண்டர் கொண்டுசென்றவர் எனக்கே அழைத்து, வீட்டில் இருப்பவர்களிடம் அந்த எண் இல்லை என்றார். பிறகு வேறொரு நாள், தாம்தான் இந்த எண்ணின் பழைய உரிமையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அழைத்து, அப்போது வந்திருந்த வங்கி ஓடிபியை வாசிக்கச் சொன்னார். அவர் உண்மையான கணக்குதாரரா, அல்லது அவருடைய விவரங்களைத் திருடியவரா என்பதை அறிய எனக்கு எந்த வழியும் இல்லாததால் மறுத்துவிட்டேன். அவர் உண்மையானவராக இருந்தால் என்னால் அவருடைய வேலை கெட்டிருக்கும். மோசடிக்காரராக இருந்து நான் வாசித்திருந்தால், ஒருவருடைய பணம் போனதற்கு நானும் உடந்தையாகியிருப்பேன். சிம் கார்டு வாங்கிய வாடிக்கையாளர் எடுக்க வேண்டிய முடிவா இது?

சேவை மையத்தில் முதலில் 1909-இல் தொந்தரவு தடுப்புப் பதிவு செய்யச் சொன்னார்கள். அது விளம்பரங்களுக்கானது, அனுப்புநர் பெயரின் இறுதியில் -T என்று வரும் பரிவர்த்தனைச் செய்திகளை அது தடுப்பதில்லை. அடுத்து, செய்தி அனுப்பும் நிறுவனங்களிடமே பேசச் சொன்னார்கள். வங்கியில் கேட்டபோது, கணக்குதாரர் அல்லாதவர் சொல்லி எண்ணை நீக்க இயலாது என்றனர். அவர்கள் சொன்னது நியாயமே. ஆதாரில் எண்ணை மாற்றவும் உரியவரே விண்ணப்பிக்க வேண்டும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுமாறும் ஓர் ஊழியர் யோசனை கூறினார். நிறுவனம் மாறினாலும் எண் மாறாது என்பதை அவர் ஏனோ மறந்துவிட்டார். பின்னர் என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்புடன் மூடப்பட்டது.

முந்தைய சந்தாதாரரைத் தொடர்புகொள்ளக்கூடிய விவரம் தங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும். சிம் வாங்கும்போது நிரப்பிய வாடிக்கையாளர் படிவத்தில் அவருடைய முகவரி இருக்கும். மாற்று எண்ணும் இருக்கலாம். தவிர, துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் தொலைத்தொடர்புத் துறையின் டிஜிட்டல் தளத்தில் வங்கிகளுக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு தம் பதிவுகளைச் சரிசெய்யுமாறு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இந்த எண் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தால், வங்கி அதைக் கவனிக்கவில்லை என்று பொருள். சேர்க்கப்படவே இல்லை என்றால் தவறு தங்களுடையது. எது நடந்தது என்பதை என்னால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, இந்த எண் எந்தத் தேதியில் நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டது, எப்போது அப்பட்டியலில் ஏற்றப்பட்டது என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். முந்தைய சந்தாதாரரைத் தாங்களே தொடர்புகொண்டு, வங்கி, ஆதார், எரிவாயு, குடும்ப அட்டை ஆகியவற்றில் தம் எண்ணை மாற்றிக்கொள்ளுமாறு அறிவிக்க வேண்டும். அவருடைய பெயரோ முகவரியோ எனக்குத் தேவையில்லை. எனக்கு, இதுவரை யாருக்கும் ஒதுக்கப்படாத ஓர் எண்ணை, நான் ஏற்கெனவே செலுத்திய திட்டத்தின் மீதிக் காலத்துடன், கட்டணமின்றி வழங்க வேண்டும். நான் விட்டுச்செல்லும் இந்த எண்ணை, அவருடைய பதிவுகள் மாறும் வரை மூன்றாவது நபருக்கு விற்கக் கூடாது.

புகார் பதிவு எண்ணையும், செய்தி உள்ளடக்கத்தை மறைத்து அனுப்புநர் பெயரும் நேரமும் மட்டும் தெரியும் திரைப்பதிவுகளையும் இணைத்துள்ளேன். 2012-ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி 39 நாட்களுக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்