அப்பத்தாவின் முன்னால் வந்து நின்று பேசு

அப்பன்திருப்பதி,
பங்குனி 12.

அன்புள்ள மகன் சரவணனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் நலம். நீயும் மருமகளும் பேத்தி யாழினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியை உன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கேட்ட அன்றே உன் அம்மா அழகர் கோயிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படியில் சூடம் ஏற்றிவிட்டு வந்தாள். அப்பத்தாவுக்கும் செய்தியைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வந்ததும் அப்பத்தாவை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பொங்கலுக்கு நீ வந்தபோது வாசற்படியில் நின்று, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்லாருக்கீங்களா அப்பத்தா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாய். அப்பத்தா, "பஸ்ஸில கூட்டமாய்யா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். ஊர் திரும்பிய பிறகு, அப்பத்தாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்கிறார் என்று உன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய். அப்பத்தாவின் புத்தியில் ஒரு தடுமாற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் தன்னிடம் ஏதோ கேட்கிறான் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. என்ன கேட்டான் என்பது காதில் விழாததால், ஊரிலிருந்து வந்தவனிடம் வழக்கமாக எது கேட்பார்களோ அதை யூகித்துக் கேட்டிருக்கிறார்.

மாசி மாதம் அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முதலில் காதில் இறுகிக் கிடந்த அழுக்கை எடுத்தார்கள். அதிலேயே கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு சத்தம் புகாத சிறிய அறையில் உட்காரவைத்துக் காதுகளில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தடித்த ஒலிகளுக்கு அழுத்தினார். மெல்லிய, கூர்மையான ஒலிகளுக்கு விரல் அசையவே இல்லை. இடது காது சற்றுத் தேவலை, வலது காது மோசம் என்றார்கள். வயதானவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது என்று பரிசோதித்த பெண் விளக்கினார். உயிரெழுத்துகளின் நீண்ட ஓசை காதுக்கு எட்டிவிடும். அவற்றுக்கு முன்னால் நொடிப்பொழுதில் வந்துபோகும் மெய்யெழுத்துகள் நழுவிவிடும். யாழினியின் கீச்சுக்குரல் அவருக்கு எட்டாததற்கும் அதுதான் காரணம்.

ஆகையால், தம்பி, முன்னால் வந்து நில். பக்கவாட்டிலிருந்தோ முதுகுப் பக்கத்திலிருந்தோ கூப்பிடாதே. திடீரென்று தோளைத் தொட்டால் திடுக்கிட்டுப் போகிறார். அவர் பார்வையில் படும்படி எதிரே வந்து, அவர் நிமிர்ந்து உன்னைப் பார்க்கும்வரை பொறுத்திரு. அதன் பிறகு, "அப்பத்தா" என்று ஒரு முறை கூப்பிட்டு, "நான் சரவணன் வந்திருக்கேன்" என்று பெயரைச் சொல். "நான் யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் கேட்காதே. உறவுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி காதில் விழாமல் அவர் விழிக்கும்போது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எதிரே நிற்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணை கிழக்கே பார்த்தது. காலையில் அப்பத்தா அங்கே உட்கார்ந்திருக்கும்போது நீ தெருப்பக்கம் நின்று பேசினால், வெயில் உன் முதுகில் விழும், முகம் இருட்டாகத் தெரியும். உன் வாய் அசைவது அவருக்குத் தெரியாது. எனவே திண்ணையிலேயே அவருடைய இடப்பக்கம் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி அவர் பக்கம் திரும்பிக்கொள். மீசையை மேலுதட்டை மூடாதபடி கத்தரித்துக்கொண்டு வா. வாயில் எதையும் மென்றுகொண்டு பேசாதே.

கத்தவும் கூடாது. கத்தினால் உயிரெழுத்தின் ஓசைதான் பெருகும், நழுவுகிற மெய்யெழுத்து அப்படியே நழுவும். பழுதுபட்ட காதுக்கு உரத்த சத்தம் உறுத்தலாகவும் இருக்கும். கத்துகிறவனின் முகம் கோபமான முகமாக வேறு தெரியும். வழக்கமான குரலில், சற்று நிதானமாக, சொற்றொடருக்குச் சொற்றொடர் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னால் போதும். எழுத்தெழுத்தாக இழுத்துச் சொன்னாலும் புரியாது, ஏனென்றால் வாயின் இயல்பான அசைவு மாறிவிடுகிறது. ஒரு முறை சொல்லிப் புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல். அப்போதும் புரியவில்லை என்றால் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் வேறு சொல்லால் சொல்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுவதற்கு உண்மையான காரணம் வேறு. அதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்த்திகையில் அப்பத்தா முற்றத்துப் படியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டதல்லவா? வயதாகிவிட்டது, மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டு தடுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் உன்னிடமும் உன் தங்கையிடமும் சொன்னேன். புத்தி தடுமாறுகிறது என்ற எண்ணம் உனக்கு அதிலிருந்துதான் வந்திருக்கும். நடந்தது அதுவல்ல.

கால் வீக்கத்துக்காக டாக்டர் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காலையில் போட வேண்டும். மாலையில் போட்டால் இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்திருக்க நேரும். மருந்துக் கடையிலிருந்து வந்த நான், மேஜை விசிறி ஓடிக்கொண்டிருக்க, சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "அம்மா, இந்த மாத்திரையைக் காலையில மட்டும் போடுங்க" என்றேன். "சரிய்யா" என்றார். கேட்டுவிட்டது என்று நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

காலை, மாலை என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார். முதல் மெய் நழுவிவிட்டால் இரண்டிலும் மிஞ்சுவது "ஆலை" என்ற ஓசை மட்டும்தான். அவருக்கு எட்டியது அதுதான். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையை மாலையில் போட்டுப் பழகியவர், இதையும் மாலை என்றே எடுத்துக்கொண்டார். நான்கு நாள் அப்படியே போட்டிருக்கிறார். இரவில் நான்கைந்து முறை எழுந்து நடந்திருக்கிறார். நான்காம் இரவு படி தவறிவிட்டது.

இரண்டு உதடும் பொருந்தப் பிறப்பது மகரம் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவன் நான். ககரத்துக்கு உதடு பொருந்தாது, அடிநாக்கிலேயே முடிந்துவிடும். அம்மாவின் முன்னால் நின்று, முகத்தைக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், உதடு மூடவில்லை என்பதை வைத்தே அது மாலை இல்லை என்று கண்டுகொண்டிருப்பார். எல்லாச் சொல்லையும் இப்படி உதட்டில் பிடிக்க முடியாது. வாய்க்குள்ளேயே பிறந்து முடிகிற எழுத்துகள் எத்தனையோ இருக்கின்றன, பகரமும் மகரமும் உதட்டில் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் இப்போது காலை என்ற சொல்லையே விட்டுவிட்டு, "விடிஞ்சு பல் தேச்சதும், காப்பிக்கு அப்புறம்" என்று சொல்கிறேன். பல்லும் காப்பியும் வந்துவிட்டால், ஒரு சொல் நழுவினாலும் மாலையாக முடியாது.

அதைவிடப் பெரிய தவறு, "சரிய்யா" என்பதை நம்பியது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் சரி என்றுதான் சொல்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டால் நாம் சலித்துக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல விடுங்க" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் மறுபடி கேட்பதையே நிறுத்தினார். நாம் சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையாட்டினால், அவருக்குக் கேட்கவில்லை என்று பொருள். சிரித்துவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அப்போது "கேட்டுச்சா?" என்று கேட்பதால் பயனில்லை, அதற்கும் தலையாட்டுவார். பதிலில் அந்தச் செய்தி வரும்படி கேள். "இந்த மாத்திரையை எப்பப் போடுவீங்க?" என்று அன்று நான் கேட்டிருந்தால், மாலையில் என்று சொல்லியிருப்பார், அங்கேயே திருத்தியிருக்கலாம்.

உன் பதவி உயர்வை இப்படித்தான் சொன்னேன். விசிறியை நிறுத்தினேன், எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "சரவணனைப் பத்தி ஒரு சேதி" என்று முதலில் யாரைப் பற்றிய பேச்சு என்பதைச் சொல்லிவிட்டு, அவர் முகம் மலர்ந்த பிறகு, "ஆபீஸ்ல பெரிய வேலைக்கு உசத்திட்டாங்க, சம்பளமும் கூடுது" என்றேன். பிறகு, "மருமக கேட்டா என்னன்னு சொல்வீங்க?" என்றேன். "எம்பேரனுக்குப் பெரிய வேலை, சம்பளம் சாஸ்தின்னு சொல்வேன்" என்றார். அன்று மாலைக்குள் தெரு முழுவதும் சொல்லிவிட்டார். புத்தி தடுமாறியவர் செய்கிற காரியமா இது?

காதுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம், இடது காதுக்கு. பழகிக்கொண்டிருக்கிறார். ஆனால் அது பேச்சோடு சேர்த்துப் பாத்திரச் சத்தத்தையும் கூட்டிக் காட்டுவதால் அவ்வப்போது கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறார். கருவி இருந்தாலும் முன்னால் நின்றுதான் பேச வேண்டும். திருவிழா நாளில் அழகர் நம் ஊர் மண்டகப்படிக்கு வரும்போது மேளமும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். அந்த இரைச்சலில் அவரிடம் எதுவும் சொல்லாதே. முதல் நாளே வந்துவிட்டால், கூட்டம் சேர்வதற்கு முன் பின்கட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம். யாழினியையும் மடியில் ஏறிக்கொண்டு பேசாமல் எதிரே நின்று பேசச் சொல்லிப் பழக்கு.

நாற்பது நாளாக உன் போன் வரவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். ஆனால் "சரவணன் பேசினானா?" என்று அப்பத்தா கேட்கும்போது நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோ காலில் கூப்பிடு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முகம் திரை நிறையத் தெரியும்படி போனைப் பிடி. படம் விட்டுவிட்டு வந்தால் பேச்சும் வாயும் ஒட்டாது, அப்போது துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிடு. எந்தப் பேருந்தில், எந்த நாள் வருகிறாய் என்பதை நீயே அவரிடம் சொல். சொல்லி முடித்ததும், "நான் என்னைக்கு வாரேன் அப்பத்தா?" என்று கேள். அவர் வாயால் சொல்லும்வரை போனை வைக்காதே. பத்து மணிக்கு நான் விசிறியை நிறுத்தி வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா