இன்னிக்கே அந்த மெயிலை போட்டுரு அம்மிணி

அம்மிணி,

மதியம் நீ போன்ல சொன்னதெல்லாம் கேட்டேன், அதைப் பத்திதான் யோசிச்சுட்டு இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் பேச நேரம் கிடைக்காதுன்னு சொன்னே, அதான் டைப் பண்ணியே அனுப்பிடறேன், பொறுமையா படி. நெதர்லாந்து பையர் அம்மா பதினோரு மணிக்கு வந்து பன்னெண்டரைக்கு கிளம்பிட்டாங்க, இன்னும் ரெண்டு கம்பெனி பாத்துட்டு ராத்திரி கோயமுத்தூர்ல பிளைட். உங்க ஓனர் நாளைக்கு காஸ்டிங் ரெடியானதும் தேங்க்ஸும் விலையும் சேத்து ஒரே மெயிலா போட்டுக்கலாம்னு சொல்லிட்டாரு. எனக்கு அதுல மட்டும் ஒப்புதல் இல்ல. தேங்க்ஸ் மெயில் இன்னிக்கே, நாலு மணிக்குள்ள போயிரணும், விலை இல்லாம.

ஏன்னு சொல்றேன். அந்தம்மா பையில இப்போ மூணு கம்பெனியோட துணித் துண்டு இருக்கும். எல்லாமே வெள்ளை, இல்லாட்டி மெலாஞ்சு, எல்லாமே சிங்கிள் ஜெர்சி, எல்லாருமே நல்லா பண்ணித் தர்றோம்னு சொல்லியிருப்பாங்க. ராத்திரி ஏர்போர்ட்ல உக்காந்து நோட்டைப் புரட்டறப்ப எந்தத் துண்டு யார் குடுத்ததுன்னு குழம்பும். நம்ம மெயில் அப்போ போன்ல இருந்துச்சுன்னா அதுதான் அவங்களுக்கு குறிப்பு. நாளன்னைக்கு ஊர் போய்ச் சேந்து ஆபீஸ்ல உக்காந்துட்டாங்கன்னா அங்க முன்னூறு மெயில் காத்திருக்கும், அதுல நம்மளுதும் ஒண்ணு, அவ்வளவுதான்.

விலையை ஏன் சேக்கக்கூடாதுன்னா, இன்னிக்கு விலை சரியா வராது. பேட்டர்ன் போட்டு கன்சம்ப்ஷன் பாக்கணும், நூல் ரேட் கேக்கணும், பிரிண்ட் இருக்கா இல்லையான்னே இன்னும் முடிவாகல. அவசரத்துக்கு ஒரு நம்பர் போட்டா அதுதான் அவங்க மனசுல நிக்கும், அப்புறம் ஏத்தவும் முடியாது. காஸ்டிங்குக்கு தனி மெயில் எப்ப வேணா போகலாம்.

இப்போ மெயில்ல என்ன எழுதறதுங்கறது. ரெண்டு வரி நன்றி, ஒரே ஒரு விஷயம், அடுத்த ஒரு வேலை. இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். எந்த ஒரு விஷயம்ங்கறதுலதான் நம்ம ஆளுங்க பூராம் சறுக்கறாங்க. நம்ம கம்பெனி எத்தனை மிஷின், எந்தெந்த சர்ட்டிபிகேட்னு நமக்குப் பெருமையானதை எழுதிருவாங்க. அதெல்லாம் அவங்க வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டுத்தான் வந்தாங்க. எழுத வேண்டியது அவங்க கவலை என்னவோ அது. அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, மீட்டிங்ல அவங்க ரெண்டாவது தடவை கேட்ட கேள்வி எது, பேனாவை எடுத்து எழுதின இடம் எது, அதைப் பாரு.

நீ சொன்னதுலயே அது இருக்கு. பயோவாஷ் கேட்டாங்க, பேக்கிங் கேட்டாங்க, எல்லாம் ஒரு தடவைதான். துவைச்சா நீளம் குறையுமான்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டிருக்காங்க, போன சீசன்ல வேற இடத்துல வாங்கின டீஷர்ட் குட்டையாகி கஸ்டமர் திருப்பிட்டாங்கன்னும் சொல்லியிருக்காங்க. அப்போ நம்ம மெயில்ல அந்த ஒண்ணுதான். 180 ஜிஎஸ்எம், கோம்டு காட்டன் சிங்கிள் ஜெர்சி, துவைச்சா நீளத்துல 5 சதவீதத்துக்கு மேல சுருங்காது.

ஆனா இந்த 5ஐ எழுதறதுக்கு முன்னாடி உங்க குவாலிட்டி ஆளைப் போய் பாத்துட்டு வா. ஓனர் மீட்டிங்ல வாய்ல சொன்னது வேற, மெயில்ல நம்பர் போடறது வேற, அது கடைசி வரைக்கும் நம்ம மேல நிக்கும். இதே குவாலிட்டியில கடைசியா ஓடின லாட்டுகளோட ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லு. அதுல 4, 4.5ன்னு வந்திருந்தா தைரியமா 5 எழுது. 6, 7ன்னு வந்திருந்தா காம்பாக்டிங்ல என்ன பண்ண முடியும்னு கேட்டுட்டு எழுது, கேக்காம எழுதாத.

உனக்கு இது தெரியும்னாலும் ஒரு தடவை சொல்லிடறேன், ஏன்னா அந்தம்மா திருப்பிக் கேட்டா பதில் சொல்லணும். துணி சாயத்துலயும் ஸ்டெண்டர்லயும் நீளவாக்குல இழுபடுது. அந்த இழுப்பை காம்பாக்டர்ல திருப்பி உள்ள தள்ளிடறோம். தள்ளாம அப்படியே விட்டா முதல் சில துவைப்புலயே துணி தானா தன் இடத்துக்குப் போயிரும், அதுதான் சுருக்கம். இழுத்து வச்ச துணியில அதே கிலோவுக்குக் கொஞ்சம் பீஸ் கூட வரும்னு சில இடத்துல வேணும்னே அப்படி விடுவாங்க, துணியும் லேசாத்தான் இருக்கும். அதனாலதான் சதுர மீட்டருக்கு 180 கிராம்ங்கறதையும் சுருக்கம் 5 சதவீதம்ங்கறதையும் சேத்தே எழுதணும்னு சொல்றேன். ரெண்டும் ஒரே விஷயம்தான், ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதினா அர்த்தம் பாதிதான். 180ன்னு எழுதினா பக்கத்துல எடைக்குக் கூட்டிக் குறைச்சு 5 சதவீதம்னு போட்டுரு, அதாவது 171லிருந்து 189 வரைக்கும்.

அப்புறம் சதவீதம் மட்டும் போட்டா பேப்பர்ல இருக்கற மாதிரி இருக்கும், சென்டிமீட்டர்லயும் சொல்லிரு. அவங்க குடுத்த ஸ்பெக்ல எம் சைஸ் நீளம் 72 சென்டிமீட்டர்னு சொன்னே. 5 சதவீதம்னா 3.6, அப்போ துவைச்ச பின்னாடி 68.4க்கு கீழ போகாது. இதைப் படிச்சா அந்தம்மாவுக்கு டீஷர்ட் கண் முன்னாடி வந்துரும். எப்படித் துவைச்சதுங்கறதும் வேணும். 40 டிகிரியில மூணு வாஷ், டம்பிள் டிரை இல்லாம காய வச்சதுன்னு எழுது. டம்பிள்ல போட்டா கூட சுருங்கும். அவங்க வீட்டுல டிரையர்ல போடற கஸ்டமர்னா இப்பவே சொல்லிருவாங்க, அப்போ நம்பரை மாத்திப் பேசிக்கலாம். நான் வேலை பாத்த காலத்துல ஒரு கம்பெனி நம்பரே போடாம பிரீஷ்ரங்க்னு மட்டும் மெயில்ல எழுதி வச்சுது. பல்க் போனதும் அந்த பையர் லேப்ல 7 வந்துச்சு. அவங்க சுருங்கவே சுருங்காதுன்னுதானே எழுதினீங்கன்னு கேட்டாங்க, இவங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, டிஸ்கவுண்ட் குடுத்துத்தான் முடிச்சாங்க.

அடுத்த வேலை என்னன்னா, அவங்க கவலைக்கு நேரா பதில் சொல்ற மாதிரி ஒண்ணு. ஸ்டாக்ல இருக்கற 180 துணியில எம் சைஸ்ல ரெண்டு பீஸ் தைக்கச் சொல்லு. ஒண்ணு துவைக்காதது, ஒண்ணு மூணு வாஷ் முடிச்சது. ரெண்டையும் சேத்து வெள்ளிக்கிழமை கூரியர் போடறோம்னு எழுது. இன்னிக்கு செவ்வாய், நாளைக்குத் தைச்சு, வியாழன் பூராம் வாஷ், வெள்ளி சரியா இருக்கும். வியாழன்னு ஆசைப்பட்டு எழுதாத, ஒரு கரண்ட் கட்டு போதும். கலர் அவங்க கேட்டது இல்ல, சுருக்கம் பாக்கறதுக்கு மட்டும்தான்னு தெளிவா சொல்லிரு, இல்லாட்டி இந்தக் கலர் நான் கேக்கலையேன்னு ஒரு மெயில் வரும். அவங்க கலருக்கு லேப் டிப் தனியா ஒரு வாரம் ஆகும், அதை இதுல இழுக்க வேண்டாம்.

அட்ரஸ் என்னன்னு கேட்டு நிறுத்திராத. அவங்க பதில் போடலைன்னா எல்லாம் அங்கயே நின்னுரும். விசிட்டிங் கார்டுல இருக்கற அட்ரஸுக்கு அனுப்பறோம், மாத்தணும்னா வியாழனுக்குள்ள சொல்லுங்கன்னு எழுது. பதில் வந்தாலும் வராட்டியும் வேலை நடக்கும். கூரியர் செலவு இந்தத் தடவை நம்மளுது, முதல் பார்சலுக்கு அவங்க கூரியர் அக்கவுண்ட் நம்பர் கேக்கறது நல்லா இருக்காது.

நான் எழுதினா இப்படி இருக்கும், இங்கிலீஷ்ல உன் வார்த்தையில மாத்திக்கோ:

"இன்னிக்கு எங்க கம்பெனிக்கு வந்து இவ்வளவு நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. போன சீசன்ல டீஷர்ட் நீளம் குறைஞ்சதைப் பத்திச் சொன்னீங்க, எங்களுக்கு அது உதவியா இருந்துச்சு. நாம பேசினபடி, 180 ஜிஎஸ்எம், எடையில கூட்டிக் குறைச்சு 5 சதவீதம், கோம்டு சிங்கிள் ஜெர்சியில, 40 டிகிரியில மூணு தடவை துவைச்சு டம்பிள் இல்லாம காய வச்சா நீளம் 5 சதவீதத்துக்கு மேல குறையாது. உங்க எம் சைஸ் 72 சென்டிமீட்டர், அது 68.4க்கு கீழ போகாது. இதை நீங்களே அளந்து பாக்க, துவைக்காத பீஸ் ஒண்ணும் துவைச்ச பீஸ் ஒண்ணும் வெள்ளிக்கிழமை கார்டுல இருக்கற அட்ரஸுக்கு அனுப்பறோம், கலர் ஸ்டாக்ல இருக்கறது. அட்ரஸ் மாத்தணும்னா வியாழனுக்குள்ள சொல்லுங்க. விலை தனியா வரும்."

இவ்வளவுதான். போன் ஸ்கிரீன்ல கொஞ்சம் தள்ளினாலே படிச்சு முடிஞ்சிரும். கேட்டலாக் பிடிஎஃப் எதுவும் சேக்காத, ஏர்போர்ட் வைஃபைல அது திறக்காது. மீட்டிங்ல இல்லாத யாரையும் சிசி போடாத, முக்கியமா அவங்க மேனேஜரை. சப்ஜெக்ட்ல வெறும் தேங்க்ஸ்னு போடாம கம்பெனி பேர், இன்னிக்கு தேதி, 180 சிங்கிள் ஜெர்சி ரவுண்ட் நெக்னு போடு, ரெண்டு மாசம் கழிச்சு தேடினாலும் கிடைக்கணும். பேர் ஸ்பெல்லிங்கை கார்டைப் பாத்து அடி, நெதர்லாந்துக்காரங்க பேர்ல ஒரே எழுத்து அடுத்தடுத்து ரெண்டு தடவை வர்றது உண்டு, காதுல கேட்டதை வச்சு அடிச்சா தப்பாகும்.

பதில் எப்படி வருதுன்னு பாரு. வெறும் தேங்க்ஸ்னு வந்தா நல்லதுதான், வேலையைப் பாரு. எங்களுக்கு 4 வேணும்னு நம்பரை மாத்தி வந்தா அதுதான் இருக்கறதுலயே நல்ல பதில், பல்க் ஓட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருச்சு பாரு, அதை அப்படியே குவாலிட்டிகிட்ட கொண்டு போ. எந்த ஸ்டைல்னு கேட்டு வந்தா நம்ம மெயில்ல அடையாளம் பத்தலைன்னு அர்த்தம், துணித் துண்டு போட்டோ ஒண்ணு அனுப்பு. ஒண்ணுமே வரலைன்னா வெள்ளிக்கிழமை இதே மெயிலுக்குக் கீழயே டிராக்கிங் நம்பர் போடு, புதுசா மெயில் ஆரம்பிக்காத. இடையில ஞாபகப்படுத்தறேன்னு எதுவும் வேண்டாம்.

ஆர்டர் வருமான்னு இதை வச்சு எண்ணிக்காத. அது விலையிலயும் கெப்பாசிட்டியிலயும் அவங்க ஆடிட்லயும்தான் முடிவாகும். இந்த மெயில் போனா வெள்ளிக்கிழமை நம்ம போடற பார்சலை அந்தம்மா என்னதுன்னு தெரிஞ்சு பிரிப்பாங்க, கையில டேப் எடுத்து அளப்பாங்க, அதுவரைக்கும்தான் இது.

ஓனர்கிட்ட எதுத்துப் பேசற மாதிரி வேண்டாம். காஸ்டிங் மெயில் நீங்க சொன்ன மாதிரி நாளைக்குப் போயிரும்ங்க, இது சுருக்கத்துக்கு மட்டும் சின்னதா ஒண்ணு, நான் டைப் பண்ணி வச்சுட்டேன், ஒரு தடவை பாத்துருங்கன்னு சொல்லு, அவரு நல்ல மனுஷன், சரின்னுருவாரு. எனக்கு அனுப்பிக் காட்டிட்டு இருக்காத, நேரம் போயிரும். முதல்ல கீழ போய் அந்த ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட்டைப் பாரு. சாப்புடாம இருக்காத.

அம்மா