பிடியை மாற்றினால் மட்டும் போதுமா?

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள குணாளா,

உன் கடிதம் கிடைத்தது. வலது முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு மாதமாக வலி இருப்பதாகவும், பெரிய பிடியுள்ள புது டென்னிஸ் மட்டை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். சென்ற ஆண்டு நானும் அதே வலியோடு அதே கேள்வியைக் கேட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு அது திடலில் தெரியவில்லை. ஒரு நாள் காலை தண்ணீர் நிரம்பிய கெண்டியைத் தூக்கியபோது, முழங்கையின் வெளி எலும்பில் ஊசி இறங்கியதுபோல வலித்தது. கெண்டியை அப்படியே அடுப்பில் வைத்துவிட்டேன். என் இயன்மருத்துவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைக்கச் சொல்லி, புறங்கையைத் தம் கையால் அழுத்திக்கொண்டு, மணிக்கட்டை மேலே உயர்த்தச் சொன்னார். அதே இடத்தில் வலித்தது. மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தும் தசைகளின் நாண் அந்த எலும்பில்தான் பற்றியிருக்கிறது என்றும், தாங்க முடியாத சுமை திரும்பத் திரும்ப விழுந்து அந்த நாண் நைந்திருக்கிறது என்றும் விளக்கினார்.

விரல்களை மடக்கி எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டும் உட்புறம் மடங்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் நிறுத்துபவை இந்தத் தசைகளே. ஆகவே எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு சுமை அந்த நாணில் ஏறுகிறது. பிடி மிகச் சிறியதாக இருந்தால், பந்து மட்டையின் நடுவை விட்டு விலகிப் படும்போது மட்டை கைக்குள் சுழலும். அதைத் தடுக்க நாம் இன்னும் இறுக்குகிறோம். பிடி மிகப் பெரியதாக இருந்தாலும் விரல்கள் சரியாகச் சுற்றாததால் அதே கதைதான்.

மோதிர விரலின் நுனியிலிருந்து உள்ளங்கையின் நடுக்கோடு வரை அளவுகோலால் அளந்து பார்; அந்த நீளமே பிடியின் சுற்றளவாக இருப்பது பொதுவான கணக்கு. எனக்கு நான்கேகாலே அரைக்கால் அங்குலம் வந்தது; மட்டையின் பிடியோ நான்கேகால். மேல்நாடா ஒன்று சுற்றினாலே பாதி வித்தியாசம் அடைபட்டுவிடும் என்பதால் புது மட்டைக்குத் தேவையிருக்கவில்லை.

ஆனால், நாடா சுற்றி ஆறு வாரம் ஆடியும் வலி விடவில்லை. வலியில்லாத தேர்ந்த கல்லூரி ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடியைக் கால் அங்குலம் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது முன்கைத் தசைகளின் உழைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. என் குறையும் வேறிடத்தில் இருந்தது. மகன் பக்கவாட்டில் நின்று எடுத்த காணொளியில், என் ஒற்றைக்கை பேக்ஹேண்டில் முழங்கை முன்னே போக, மட்டை பின்தங்கி வர, பந்து இடுப்புக்கு நேராக வந்த பிறகே படுவதையும், பட்ட கணத்தில் மணிக்கட்டு உட்புறம் மடங்குவதையும் கண்டேன். நிமிர்த்தும் தசை இறுகியிருக்கும் அந்த நேரத்திலேயே அது வலிந்து நீட்டப்படுகிறது. தேர்ந்தவர்கள் மணிக்கட்டைச் சற்றே நிமிர்த்தி உறுதியாக வைத்து அடிக்கிறார்கள். தோளை முன்கூட்டியே திருப்பி, முன்காலுக்கும் முன்னால் பந்தைச் சந்திக்கப் பழகினேன். அதோடு, ஒரு கிலோ எடையை மணிக்கட்டால் மெதுவாக இறக்கும் பயிற்சியையும் நாள்தோறும் செய்தேன். கெண்டி வலியில்லாமல் எழ நான்கு மாதம் ஆனது.

ஊசி போட்டுக்கொள்ள அவசரப்படாதே. ஸ்டீராய்டு சில வாரங்களுக்குச் சுகம் தரும். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால், போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கே வலி திரும்புவது அதிகம். விரல்கள் மரத்துப்போனால் மட்டும் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார். கடைக்குப் போவதற்கு முன் உன் விரல் அளவையும், செந்தூல் திடலில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லி உன் பேக்ஹேண்ட் காணொளியையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சேகரன்