‘மக்பூல்’ என்ற ஒரு சொல்லும் 74 என்ற ஓர் எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற இதழில் ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு இடங்கள் உறுத்தின. ‘அறிவிப்பாளர் வரலாற்று நூல்கள் தொடக்கத்திலிருந்தே நம்பகமானவர், பொய்யர் என்று தரம் பிரிக்கும் பட்டியல்களாகத்தான் எழுதப்பட்டன’ என்பது ஒன்று. ஓர் அறிவிப்பாளரை ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் ‘மக்பூல்’ என்று சொல்லியிருப்பதால் அவர் ஏற்கப்பட்டவர், ஆகவே அந்த ஹதீஸும் ஏற்கப்பட்டது என்ற முடிவு இன்னொன்று. முதல் தவறிலிருந்து பிறந்ததுதான் இரண்டாவது தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வந்த நூல்களைத் திறந்து பார்த்தால் தீர்ப்பு மிகக் குறைவாகத்தான் இருக்கும். இப்னு ஸஅத் (இறப்பு ஹி. 230) தம் ‘தபகாத்’ நூலில் ஆட்களைத் தலைமுறை வாரியாகவும் ஊர் வாரியாகவும் அடுக்கினார். யார் எந்த ஊர்க்காரர், எந்தத் தலைமுறை, எப்போது இறந்தார் என்பதே அவருடைய முதன்மையான கவலை. சில இடங்களில் ‘நம்பகமானவர்’ என்றோ ‘பலவீனமானவர்’ என்றோ ஒரு வார்த்தை சேர்ப்பார். இமாம் புகாரியின் ‘தாரீகுல் கபீர்’ முஹம்மது என்ற பெயர் உடையவர்களை முன்னால் வைத்துவிட்டு, அப்புறம் அகர வரிசையில் போகிறது. அங்கேயும் பெரும்பாலான பதிவுகள், இவர் இன்னாரிடம் கேட்டார், இவரிடம் இன்னார் கேட்டார் என்பதோடு முடிந்துவிடும். பலரைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டார், கெட்டதும் சொல்ல மாட்டார்.

அப்படியானால் இந்த வெறும் பதிவேடு எப்படி ஆளை எடைபோடும் கருவி ஆனது? அதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியே பதில் சொல்கிறது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஷாமில் உள்ள ஹிம்ஸ் நகருக்கு உமர் பின் மூஸா என்பவர் வந்து, ‘உங்கள் ஊர் நல்லவர் எங்களுக்கு அறிவித்தார்’ என்று ஹதீஸ் சொல்லத் தொடங்கினார். ‘யார் அந்த நல்லவர்? பெயரைச் சொல்லும்’ என்று கேட்டார் உஃபைர் என்பவர். காலித் பின் மஃதான் என்று பதில் வந்தது. ‘எந்த ஆண்டில் சந்தித்தீர்?’ ‘108இல்.’ ‘எங்கே?’ ‘அர்மீனியப் படையெடுப்பில்.’ அதற்கு உஃபைர், ‘அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும். காலித் 104இலேயே இறந்துவிட்டார். இறந்து நான்கு ஆண்டு கழித்து அவரைச் சந்தித்ததாகச் சொல்கிறீர். இன்னொன்றும் சொல்கிறேன், அவர் அர்மீனியாவுக்குப் போர் செய்யப் போனதே இல்லை. ரோமர்களோடுதான் போர் செய்தார்’ என்றார்.

கேள்விகளைக் கவனியுங்கள். நீர் நல்லவரா, தொழுகையாளியா என்று உஃபைர் கேட்கவில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர் என்றுதான் கேட்டார். அறிவிப்பாளர்கள் பொய்யைக் கையில் எடுத்தபோது நாங்கள் ஆண்டுக் கணக்கைக் கையில் எடுத்தோம் என்று ஸுஃப்யான் ஸவ்ரீ சொன்னதாக வருவதும் இதைத்தான். பிறப்பும் இறப்பும் பயணமும் எழுதி வைத்த ஏடு இருந்தால், பொய் சொல்பவர் தம் வாயாலேயே அகப்பட்டுக்கொள்வார்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. இதே காலிதின் பெயரைச் சொல்லி இராக்கில் ஒருவர் அறிவித்தபோது, அதே ஹிம்ஸைச் சேர்ந்த இஸ்மாயீல் பின் அய்யாஷ் போய் ஆண்டைக் கேட்டார். அவர் 113 என்றார். ‘காலித் இறந்து ஏழு ஆண்டு கழித்துக் கேட்டிருக்கிறீர்’ என்றார் இஸ்மாயீல். அதாவது அவர் கணக்கில் காலித் இறந்தது 106. உஃபைர் கணக்கில் 104. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே ஆளின் மரணம், இரண்டு ஆண்டு வித்தியாசம். இங்கே இரண்டு பொய்யர்களும் தாராளமாகவே தள்ளிப் போனதால் அகப்பட்டார்கள். ஒருவர் 105 என்று சொல்லியிருந்தால் வழக்கு அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

பொய் சொல்லாமல், நினைவு பிசகித் தவறாகச் சொல்பவரை ஆண்டுக் கணக்கால் பிடிக்க முடியாது. அதற்கு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. யஹ்யா பின் மயீன் (இறப்பு ஹி. 233) செய்தது அதைத்தான். பஸ்ராவின் ஹம்மாத் பின் ஸலமாவுடைய ஹதீஸ்களைக் கேட்க அவர் அஃப்பான் என்ற அறிஞரிடம் போனார். ‘இதை வேறு யாரிடமும் கேட்கவில்லையா?’ என்றார் அஃப்பான். ‘பதினேழு பேரிடம் கேட்டிருக்கிறேன்’ என்றார் இப்னு மயீன். அப்படியானால் உமக்குச் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார்! யாருக்குத்தான் கோபம் வராது? இப்னு மயீன் பஸ்ராவுக்குப் போய் மூஸா பின் இஸ்மாயீலிடம் கேட்டார். ‘பதினேழு பேரிடம் கேட்டாயிற்று, நீங்கள் பதினெட்டாவது ஆள்’ என்றார். இதை வைத்து என்ன செய்யப் போகிறீர் என்று மூஸா கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: ஹம்மாத் தவறு செய்பவர். அவருடைய தவறையும் மாணவர்களின் தவறையும் பிரிக்க வேண்டும். மாணவர்கள் எல்லாரும் ஒன்றுபோலத் தவறாகச் சொன்னால் தவறு ஹம்மாதுடையது. ஒருவர் மட்டும் மாறிச் சொன்னால் தவறு அவருடையது.

நம்பகமானவர் என்பதற்கு ‘ஸிகத்’, பலவீனமானவர் என்பதற்கு ‘லயீஃப்’ என்று ஒற்றைச் சொல்லில் நாம் படிக்கும் தீர்ப்புக்குப் பின்னால் இப்படி ஓர் அலைச்சல் இருக்கிறது. அந்தச் சொற்களைத் தொகுத்துப் பதிவேட்டோடு சேர்த்தவர்களில் முக்கியமானவர் இப்னு அபீ ஹாதிம் (இறப்பு ஹி. 327). புகாரியின் நூலில் உள்ள பெயர்களை அடியொற்றி, ஒவ்வொருவரைப் பற்றியும் தம் தந்தை அபூ ஹாதிமிடமும் அபூ ஸுர்ஆவிடமும் கேட்டு எழுதினார். அதுதான் ‘அல்ஜர்ஹு வத்தஃதீல்’. 1952-53இல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் அச்சிட்ட பதிப்பைத்தான் இன்றைக்கும் அரபு நாட்டினர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் முன்னுரையில் சொற்களின் எடையை அவரே சொல்லியிருக்கிறார். ‘ஸிகத்’ என்றால் அவர் ஹதீஸை ஆதாரமாக எடுக்கலாம். ‘ஸதூக்’, அதாவது உண்மையாளர் என்றால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஆராய்ந்து பார்க்க வேண்டும். பாராட்டு மாதிரி தெரியும் சொல்லுக்குள்ளேயே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. போதாததற்கு ஆளுக்கு ஆள் வழக்கும் மாறும். ‘இவரிடம் குறையில்லை’ என்று இப்னு மயீன் சொன்னால் அது ஸிகத் என்று பொருள் என்பதை அவரே விளக்கியிருக்கிறார். இப்னு அபீ ஹாதிமிடம் அதே சொல் ஒரு படி கீழே இருக்கிறது.

இனி ‘மக்பூல்’. ஆறு ஹதீஸ் நூல்களில் வரும் அறிவிப்பாளர்களை மிஸ்ஸி ‘தஹ்தீபுல் கமால்’ என்று பெரிதாக எழுதினார். இன்றைய அச்சில் 35 பாகம். அதை இப்னு ஹஜர் (இறப்பு ஹி. 852) சுருக்கினார். சுருக்கியதை மறுபடியும் சுருக்கி, ஆளுக்கு ஓரிரு வரியில் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ எழுதினார். ஆசிரியர் பட்டியல், மாணவர் பட்டியல், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் போய், கடைசித் தீர்ப்பு மட்டும் மிஞ்சியது. கையடக்கமான நூல் என்பதால் எல்லாரும் அதைத்தான் திறக்கிறார்கள். முன்னுரையைத்தான் யாரும் திறப்பதில்லை. அங்கே அவர் பன்னிரண்டு படித்தரங்களை வகுத்து, ஆறாவதைப் பற்றி இப்படிச் சொல்கிறார்: ஹதீஸ் கொஞ்சமாகவே உள்ளவர், அதைக் கைவிடும் அளவுக்குக் குறை நிரூபணமாகாதவர், அவருக்கு ‘மக்பூல்’ என்ற சொல்லைப் போடுவேன். வேறொருவரும் அதையே அறிவித்துத் துணைக்கு வந்தால் மக்பூல், வராவிட்டால் பலவீனமானவர். ஆக, கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய ஹதீஸுக்குத் துணை அறிவிப்பு இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும். அந்தத் தேடல் கட்டுரையில் இல்லை.

அந்த முன்னுரையைப் படிக்காததால் நானும் ஒருமுறை வகுப்பில் அசடு வழிந்திருக்கிறேன். எகிப்தின் காழி இப்னு லஹீஆவைப் பற்றி தக்ரீபில் ‘இறப்பு 74’ என்று இருந்தது. அப்படியே சொல்லிவிட்டேன். ஒரு மாணவர் எழுந்து, ‘ஹஜ்ரத், 74இல் இறந்தவரிடம் இரண்டாம் நூற்றாண்டுக்காரரான இப்னுல் முபாரக் எப்படிக் கேட்டார்?’ என்றார். இப்னு ஹஜர் நூற்றாண்டை எழுத மாட்டார். அறிவிப்பாளர்களை அவர் பிரித்த தலைமுறை அடுக்கை வைத்து நாம்தான் கண்டுகொள்ள வேண்டும் என்று அந்த முன்னுரையில் சொல்லியிருக்கிறார். முதலிரண்டு அடுக்கினர் நூறுக்கு முன், மூன்று முதல் எட்டு வரை நூறுக்குப் பின், ஒன்பதிலிருந்து இருநூறுக்குப் பின். இப்னு லஹீஆ ஏழாம் அடுக்கு. ஆகவே 174. உஃபைரின் கேள்வியை அந்தப் பையன் என்னிடமே கேட்டுவிட்டான்.

அதே பதிவின் மீதியையும் பாருங்கள். ‘ஸதூக். நூல்கள் எரிந்தபின் குழப்பினார். இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் இருவரும் அவரிடமிருந்து அறிவிப்பது மற்றவர்களுடையதைவிடச் சீரானது.’ இதை மட்டும் படித்தால், தீ விபத்துக்கு முன் கேட்டவர் சரி, பின் கேட்டவர் தவறு என்று தோன்றும். பெரிய நூல்களுக்குப் போனால் கதை வேறு. நூல்கள் 170இல் எரிந்தன என்று ஒருவர் சொல்கிறார். சில ஏடுகள்தான் போயின, மூலப்பிரதிகள் தப்பின என்று இன்னொருவர் சொல்கிறார். எரிவதற்கு முன்னும் பின்னும் அவர் பலவீனமானவரே என்கிறார் இப்னு மயீன். யாராவது ஒரு ஏட்டைக் கொண்டுவந்து ‘இது உங்கள் ஹதீஸ்’ என்றால் அவர் அப்படியே அறிவித்துவிடுவார் என்றும் இருக்கிறது. அபூ ஸுர்ஆவின் விளக்கம்தான் முடிச்சை அவிழ்க்கிறது: முன்னால் கேட்டவரும் பின்னால் கேட்டவரும் ஒன்றுதான். ஆனால் இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் இருவர் மட்டும் அவருடைய மூலப்பிரதிகளைத் தேடிப் பார்த்து அதிலிருந்து எழுதினார்கள், மற்றவர்கள் அவர் வாயால் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். அதாவது கேட்க வேண்டிய கேள்வி எந்த ஆண்டு என்பது மட்டுமல்ல, எதிலிருந்து எழுதினார் என்பதும்தான். இந்த விவரம் தக்ரீபின் ஓரிரு வரியில் கிடைக்காது.

அடுத்த இதழில் ‘மக்பூல்’ பற்றி ஒரு திருத்தம் போட்டால் நல்லது. கட்டுரையாளர் அந்த ஹதீஸுக்குத் துணை அறிவிப்பு எதையும் கண்டிருந்தால், எந்த நூலில், யார் வழியாக என்று எழுதச் சொல்லுங்கள். இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர் ஒருவர்,
மேலப்பாளையம்