பொருள் வரியில் இல்லாதது

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ பார்வைக்கு அனுப்பிய விண்ணப்பத்தை மூன்று முறை படித்தேன். ஆங்கிலத்தில் குறையில்லை, உன் அம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன். ஆனால், ஆயுள் முழுதும் வரைவு எழுதியே காலம் தள்ளியவனின் மகள், ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடிக்கலாமா?

விளிப்பு எதுவோ, அதுவே முடிவைத் தீர்மானிக்கும். பிரித்தானிய வழக்கில், பெயர் குறிப்பிடாமல் விளித்தால் ‘ஃபெய்த்ஃபுல்லி’. பெயரிட்டு விளித்தால் ‘சின்சியர்லி’. நம் அரசு அலுவலகங்களிலும் இதுவே முறை: ‘சார்’ என்று தொடங்கும் அலுவல் கடிதம் முன்னதிலும், பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதம் பின்னதிலும் முடியும். அமெரிக்காவில் ‘சின்சியர்லி’ பெரும்பாலும் இரண்டுக்கும் போதும். நீ இருப்பது லீட்ஸில்.

முகவரியில் அந்த அதிகாரியின் பெயரை நீயே எழுதியிருக்கிறாய். பெயர் தெரிந்திருக்க, எதற்குப் பொது விளிப்பு? ‘டியர்’ என்பதை அடுத்து மணநிலையைச் சுட்டாத ‘மிஸ்’, அதாவது எம், எஸ் என்ற இரண்டே எழுத்துகள். அதன்பின் அவருடைய குடும்பப் பெயர் மட்டும். நாம் ‘திருமதி’யோடு இயற்பெயரைச் சேர்ப்பதுபோல் அங்கே சேர்க்கக் கூடாது. அப்படி மாற்றினால் உன் ‘சின்சியர்லி’ சரியாகிவிடும். அதன் முதல் எழுத்து சிறியதாகவே இருக்கட்டும். ‘யுவர்ஸ்’ என்பதில் ‘அபாஸ்ட்ரஃபி’ குறி வராது.

பொருள் வரியில் ‘வேலை தொடர்பாக’ என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பணி, விளம்பரத்தின் எண் என்ன? இரண்டையும் விளிப்புக்கு அடுத்த வரியில் தடித்த எழுத்தில் எழுது. அங்கே ‘பொருள்’ என்ற சொல்லோ ‘தொடர்பாக’ என்ற வாலோ வேண்டாம். இப்போதிருக்கும் வேலையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் காணவில்லை. அது விடுபட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

பொருள் வரியை அற்பமாக எண்ணாதே என்று உனக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பாட்டி படுக்கையில் இருந்தபோது நான் கேட்ட மாறுதல் வராமல் போனதற்குக் கடிதப்பிரிவு எழுத்தரையே இத்தனை காலமும் குறை சொல்லி வந்தேன். அந்த மனுவில் நான் எழுதிய பொருள், ‘மாறுதல் கோருதல் – தொடர்பாக’. தாயாரின் நோய் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இரக்கம் தேடுவதாக நினைப்பார்களோ என்ற வீம்பில் நானே அதை மேலே எழுதவில்லை. பொருளை மட்டும் பார்த்து மனுக்களை அடுக்கியதில், அது வழக்கமான மாறுதல் மனுக்களோடு சேர்ந்துவிட்டது. எழுத்தர்மேல் பிழையில்லை. இதை உன் அத்தைக்குக்கூட நான் சொன்னதில்லை.

விளிப்பையும் முடிவையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பு. எனக்கு வந்த உன் மின்னஞ்சலின் பொருள் வரியில் ‘சும்மாதான், அப்பா’ என்று இருந்தது. அடுத்ததில் உள்ளதை எழுது, மேலேயே எழுது.

அன்புடன்,
அப்பா