உன் மதிப்புரையைப் படித்தேன், மக்களே

அன்புள்ள மக்களுக்கு,

நீ அனுப்பிய தாள் வியாழக்கிழமை கிடைத்தது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறாய் என்று பார்த்ததுமே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் முதல் பக்கத்தோடு தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. மற்றபடி எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் முழித்திருக்காதே.

ஓணத்துக்கு வந்துவிட்டுப் போனபிறகு உன்னிடமிருந்து எனக்கு வந்தது இந்த இரண்டு பக்கந்தான். அம்மையிடம் போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்வாயாம். அதனால் இதை மதிப்புரையாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியிலும் உன்னைத் தேடினேன். ஆசிரியர் இருக்கிறார், அவர் பிறந்த வருஷம் இருக்கிறது, கதை இருக்கிறது. நீ இல்லை, மக்களே. 'நான்' என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. அப்பனாக அது எனக்கு வருத்தம். நூலகத்தில் வேலை பார்த்தவனாகச் சொன்னால், மதிப்புரையிலும் அதுதான் குறை.

நூலகத்தில் நாள் முழுக்க நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், இந்தப் புஸ்தகம் எப்படி?" கேட்கிறவர் ஒரு கையில் புத்தகமும் மறுகையில் பஸ்ஸுக்குச் சில்லறையுமாக நிற்பார். அவருக்கு ஆசிரியரின் ஜாதகம் வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம். இதற்குள்ளே போனால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியவேண்டும். முடிவைச் சொல்லிவிட்டால் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். புனேயில் உன் வாசகர் வட்டத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். அவர்கள் கொடுத்திருப்பது ஒரு பக்கம். அதில் கால்வாசியை ஆசிரியர் குறிப்புக்குக் கொடுத்துவிட்டாய். 1966-இல் வந்த நாவல், நாகர்கோவில்காரர் எழுதியது என்ற ஒரு வரி போதும்.

அம்மை தாளைத் திருப்பித் தந்ததற்கு வருகிறேன். அவள் அந்த நாவலில் பாதிதான் வாசித்திருக்கிறாள். உன் இரண்டாம் பத்தியில் காதர் செய்ததையும், அதற்குத் தாமு செய்ததையும் வரிசையாக எழுதிவைத்திருக்கிறாய். அந்த இரண்டு வரிகளை நான் இங்கே திருப்பி எழுதக்கூட மாட்டேன், இந்தக் கடிதத்தையும் அவள் வாசிப்பாள். "எனக்கு இனி என்ன மிச்சம்?" என்றாள். உன்மேல் கோபமில்லை, புத்தகத்துக்காக வருத்தப்பட்டாள்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆசிரியர் தொடக்கத்தில் தானாகவே சொல்லிவிடுவதை நாமும் சொல்லலாம். அவர் மறைத்துக்கொண்டு வருவதை நாமும் மறைக்கவேண்டும். இந்த நாவலில் இது நுட்பமான இடம். மரம் இப்போது இல்லை, மனிதர்கள்தான் அதை அழித்தார்கள் என்று சுந்தர ராமசாமி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆகவே "மரம் அழிந்துபோகிறது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் கெடாது. யார், எதற்காக, எப்படி என்பதில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. நீ மரம் அழிந்ததைச் சொல்லத் தயங்கி "மரத்துக்கு என்ன ஆனது?" என்று கேள்வி போட்டிருக்கிறாய். ஆனால் அதற்குக் காரணமாக அமைவதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிவிட்டாய். தலைகீழாக இருந்திருக்கவேண்டும்.

கதையைச் சொல்லாமலே கதையைக் கெடுக்கிற வரிகளும் உண்டு. "கடைசியில் யாரும் எதிர்பாராத திருப்பம்" என்று எழுதியிருக்கிறாய். இனி அதை வாசிக்கிறவன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் திருப்பத்தையே தேடிக்கொண்டிருப்பான், கண்முன்னே நடப்பதைப் பார்க்கமாட்டான். ஒரு பாத்திரத்தின் பெயருக்கு முன்னால் "பாவம்" என்று போட்டிருக்கிறாய். அவனுக்கு ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று அந்த ஒரு வார்த்தையே காட்டிக்கொடுக்கிறது. எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போய், இது முன்கூட்டித் தெரிந்தால் புத்தகத்தில் எந்தப் பக்கமாவது வலுவிழக்குமா என்று கேட்டுப் பார். இழக்கும் என்றால் அந்த வரியை அடித்துவிடு. சாப்பாட்டு விஷயத்தையும் கொஞ்சம் கவனி, ஓணத்துக்கு வந்தபோது மெலிந்துதான் இருந்தாய்.

முடிவைச் சொல்லக்கூடாது என்றால் பிறகு என்னத்தை எழுத என்று கேட்பாய். முன்பாதியிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள். காற்றாடித் தோப்பை எடு. அந்தத் தோப்பை வெட்டிவிட்டுப் பூங்கா வைக்கிறார்கள். இருக்கிற மரங்களை வெட்டிச் செடி வைப்பதைப் பற்றி வழியில் போகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம்கூட வராத பேச்சு. நாவலின் குரல் முழுக்க அதில் இருக்கிறது. நம்மூர்ப் பேச்சும், சிரிக்கவைத்துக்கொண்டே நெஞ்சில் குத்துவதும், வளர்ச்சி என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பின்னால் வருவது எதையும் அது காட்டிக்கொடுக்காது. இப்படி ஒரு காட்சி கிடைத்துவிட்டால் "அருமையான நடை", "யதார்த்தமான சித்தரிப்பு" என்பதெல்லாம் தேவைப்படாது. உன் தாளில் அப்படிப்பட்ட சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அந்தச் சொற்கள் எந்த நாவலுக்கும் பொருந்தும். இந்த நாவலுக்கு மட்டும் பொருந்துவது எதுவோ அதை எழுது.

அடுத்தது நீ. மறுபடியும் இதற்குத்தான் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டு முன்னால் நின்ற அயனி மரத்தை ரோட்டுக்காக வெட்டிய அன்று நீ ராத்திரி வரை ஒன்றும் சாப்பிடவில்லை. பாட்டா கூப்பிட்டும் வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இந்த நாவலை வாசித்துவிட்டு அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! 'நான்' என்று எழுதுவது தற்பெருமை என்று யாரும் உனக்குச் சொன்னார்களா? வாசிக்கிறவர்களுக்கு உன் வாழ்க்கை முழுக்கத் தெரியவேண்டாம். எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தாய், அப்போது உனக்கு என்ன நினைவு வந்தது என்று இரண்டே வரி போதும். உன்னை நம்பித்தான் அவர்கள் புத்தகத்தைக் கையில் எடுக்கப்போகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு ஆள் வேண்டாமா?

ராத்திரி உட்கார்ந்து நானும் எழுதிப் பார்த்தேன். இப்படித் தொடங்கினேன்:

"அந்த முச்சந்தியில் புளியமரம் இப்போது இல்லை. இதை ஆசிரியரே முதலில் சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்த மரம் எப்படியாவது தப்பிவிடாதா என்று பக்கம் பக்கமாக ஏங்கிக்கொண்டே வாசித்தேன். மரம் நின்ற இடம் ஒரு காலத்தில் குளமாக இருந்த கதையைத் தாமோதர ஆசான் சொல்லச் சொல்ல, சுற்றி உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவனாக நானும் ஆகிவிட்டேன். காற்றாடித் தோப்பை வெட்டுகிற பகுதியில் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போனேன். எங்கள் வீட்டு முன்னால் ஒரு அயனி மரம் நின்றது. அந்த இடம் இப்போது தார் ரோடு."

இதை நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. இது என் வாசிப்பு. நீ வேறொரு இடத்தில் புத்தகத்தை மூடியிருப்பாய். அது எந்த இடம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

குறை ஏதாவது பட்டிருந்தால் அதையும் எழுது. உன் தாளில் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒன்று பட்டது. ஆசான் பேசுகிற பகுதிகளில் இருக்கிற வேகம், கடைக்காரர்களும் நகரசபைத் தேர்தலும் வருகிற பகுதியில் கொஞ்சம் மட்டுப்படுகிறது. பிறகு ஒரு இடத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. எந்த இடத்தில் என்று நான் சொல்லமாட்டேன், நீயும் எழுதாதே. நம் பக்கத்துப் பேச்சு பழகாதவர்களுக்கு முதல் சில பக்கங்கள் மெதுவாகத்தான் போகும் என்றும் சொல்லிவிடு. அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர்கள் பாதியில் விடமாட்டார்கள். கேரளத்தில், பாறசாலையில் என்னுடைய சிநேகிதர் இதை மலையாளத்தில், ஆற்றூர் ரவிவர்மா மொழிபெயர்ப்பில் வாசித்தார். ஆசானின் பேச்சு தனக்கு அந்நியமாகவே படவில்லை என்றார். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே மாநிலம், அதற்கு முன்பு ஒரே திருவிதாங்கூர் ராஜ்யந்தானே. நாவலில் வருகிற மகாராஜா பாட்டாவுக்கும் மகாராஜாதான். புனேயில் இருக்கிறவர்களுக்கு இதை ஒரு வரியில் சொன்னால் நாவலின் உலகம் சட்டென்று பிடிபடும்.

"எல்லோரும் வாசிக்கவேண்டிய நூல்" என்று முடித்திருக்கிறாய். எல்லோருக்குமான புத்தகம் என்று ஒன்று கிடையாது, மக்களே. விறுவிறுப்பாக ஒரே மூச்சில் போகவேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. திண்ணையில் ஒரு வயதானவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கக்கூடியவர்களுக்கு இது விருந்து. அப்படி எழுதினால் சரியான ஆளின் கைக்குப் புத்தகம் போய்ச் சேரும்.

பத்தாம் வகுப்பில் நீ எழுதிய கட்டுரையை உன் தமிழாசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார் என்று அத்தை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்தக் கை உன்னிடம் இன்னும் இருக்கிறது. ஆசான் கதை சொல்லும்போது பையன்கள் நெருங்கி உட்காருவதை நீ எழுதியிருக்கும் ஒரு வரி போதும் எனக்கு, அதில் நீ தெரிந்தாய். அதை அடித்துவிடாதே.

திருத்தி எழுதி அனுப்பு. மதிப்புரையில் வைக்கமுடியாதது ஏதாவது இருந்தால் தனியாக ஒரு தாளில் எழுது. அம்மைக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தால் எனக்கு மட்டும் எழுது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், வாசித்து வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அம்மை கூப்பிடும்போது போனை என்னிடமும் தரச் சொல். தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு: நாவலை அம்மை மறுபடியும் எடுத்திருக்கிறாள். உன் தாளை அலமாரியில் மேலே வைத்துவிட்டேன், முடித்தபிறகு தருவேன்.